உத்தி பிரிக்க விடுங்கள்

பள்ளி மைதானத்தில் அணி பிரிக்கும்போது இரண்டு கேப்டன்களை நிறுத்தி மாற்றி மாற்றி ஆள் எடுக்கச் சொல்வதை ஆசிரியர்கள் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. ஏழெட்டு வயதிலிருந்து பிள்ளைகள் தங்கள் திறமையைச் சக பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் எடைபோடுகிறார்கள். அந்த வயதில் தினமும் கடைசியாக நிற்கும் பிள்ளைக்கு, "உனக்கு ஆடத் தெரியாது" என்று ஊரறியச் சொன்னது போலாகிறது. கொஞ்ச நாளில் அது விளையாடவே வராது. வராததால் பழக்கமும் குறையும், கூட்டாளிகளும் குறைவார்கள்.

நம் தெருவில் இதற்கு நல்ல வழி இருந்தது, உத்தி பிரிப்பது. சம பலமுள்ள இருவர் ஜோடியாக ஒதுங்கிப் போய் ஆளுக்கொரு பெயரை ரகசியமாக வைத்துக்கொள்வார்கள், ஒருவன் சூரியன், ஒருவன் சந்திரன் என்று. திரும்பி வந்து அணித் தலைவனிடம் "சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?" என்று கேட்பார்கள். தலைவன் கேட்பது பெயரைத்தான், ஆளை அல்ல. எந்தப் பக்கம் போனாலும் பலம் சமம், கடைசி ஆள் என்று யாருமில்லை.

பிள்ளைகள் இதை ஏன் முணுமுணுக்காமல் ஏற்கிறார்கள் என்பதற்கு ஷா, ஓல்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்களின் ஆய்வு உதவும். அறையைச் சுத்தம் செய்த இரண்டு பையன்களுக்கு ஐந்து ரப்பர் பரிசு. ஆளுக்கு இரண்டு போக மிஞ்சிய ஒன்றை என்ன செய்யலாம் என்று ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். பெரும்பாலோர் குப்பையில் போடச் சொன்னார்கள். ஒருவன் அதிகம் உழைத்தான் என்றதும் அவனுக்கே கொடுக்கச் சொன்னார்கள். பிந்தைய ஆய்வொன்றில், இருவருக்கும் சம வாய்ப்புத் தரும் சுழல்சக்கரத்தைக் கொடுத்தபோது, ஒருவனுக்குக் கூடுதலாகப் போவதையும் ஏற்றுக்கொண்டார்கள். கூடக் குறைய இருப்பதைவிட, ஓரவஞ்சனைதான் அவர்களை உறுத்துகிறது.

உத்தியிலும் கோளாறு வரும். தலைவனிடம் பெயரை முன்கூட்டியே கண்ணடித்துச் சொல்லிவிடுவார்கள். நெருங்கிய நண்பர்கள் ஜோடி சேர்ந்தால் எதிரெதிர் அணிக்குத்தான் போக வேண்டும், அதனால் சேர மறுப்பார்கள். வல்லவனோடு சொத்தை ஆட்டக்காரன் ஜோடி சேர்ந்தால் ஆட்டம் ஒருபக்கம் சாயும். இந்தச் சண்டையைப் பெரியவர் தீர்க்க வேண்டாம். "ஜோடி சமமா இருக்கா?" என்று மட்டும் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் தாங்களே மாற்றிக்கொள்வார்கள். எதிரணியில் ஆடியும் நண்பனாக இருக்கலாம் என்பது அங்கேதான் பழகும்.

ஒற்றைப்படையில் ஆள் மிஞ்சினால், சின்னவனை ஒப்புக்குச் சப்பாணியாக வைத்துக்கொள்வார்கள். இரு பக்கமும் பந்து பொறுக்குவான், மட்டை பிடிப்பான், அவுட் கணக்கில்லை. ஆறு வயதுக்கு அது சலுகை, சந்தோஷமாக ஆடுவான். ஒன்பது வயதுப் பிள்ளையை அப்படி வைத்தால் அவமானம். தினமும் அதே பிள்ளைதான் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் டென்னிஸ் பந்தில் கேட்ச் பிடிக்க மட்டும் தனியே பழக்குங்கள். ஒரு வேலை உருப்படியாக வந்துவிட்டால் ஜோடி சேரத் தானாக ஆள் வரும்.