பூட்டுவது முகவரியைப் பார்த்துத்தான்

"கடவுச்சொல் சரியாகத்தான் போட்டேன். வெளிநாட்டு விடுதியிலிருந்து நுழைந்ததும் வங்கி ஏன் கணக்கை முடக்கியது? விபிஎன் உதவுமா?"

பெரும்பாலும் உதவாது, நிலைமை மோசமாகவும் கூடும். ஒவ்வொரு இணைப்போடும் ஓர் ஐபி முகவரி வருகிறது. அது எந்த நாட்டு நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது என்று வங்கி பட்டியலில் பார்த்துக்கொள்கிறது. காலை 9 மணிக்கு ஊரில் நுழைந்த கணக்கு 10 மணிக்கு 5,000 கிலோமீட்டர் தள்ளித் தென்பட்டால், அதைத் திருட்டு என்றே எண்ணும். விபிஎன் தரும் முகவரியோ பெரும்பாலும் தரவு மையத்துக்கு உரியது. அதை மோசடிக்காரர்களும் பயன்படுத்தியிருக்கலாம்.

நான் செய்வது வேறு. விடுதி வைஃபையை அணைத்துவிட்டு, சொந்த சிம்மின் ரோமிங் டேட்டாவில் நுழைவேன். ரோமிங் போக்குவரத்து பொதுவாகச் சொந்த நாட்டு நிறுவனத்தின் வழியாகவே இணையத்துக்குப் போகிறது. வங்கிக்கு உள்ளூர் முகவரியே தெரியும். (பயண ஈசிம்முக்கு இது பொருந்தாது, அதன் முகவரி மூன்றாவது நாடாகக்கூட இருக்கும்.) ஓடிபியும் அந்தச் சிம்முக்குத்தான் வரும் என்பதால், அதைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். கிளம்பும் முன் ரோமிங்கை இயக்கி, வங்கிச் செயலியில் பயண அறிவிப்பு வசதி இருந்தால் பதிந்துவிடுங்கள்.

ஒருமுறை மறுத்தால் திரும்பத் திரும்ப முயலாதீர்கள். தற்காலிகத் தடை முழுப் பூட்டாக மாறுவது அப்போதுதான்.