கார்டிசால் குறைவும் தோல் கறுப்பும்

“கார்டிசால் குறைந்தால் தோல் கறுக்கும், பொட்டாசியம் ஏறும், கோளாறு பிட்யூட்டரியில் இருந்தாலும் அதேதான்.”

இந்தக் கூற்று, கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பியே பழுதாகும் அடிசன் நோய்க்கு மட்டுமே பொருந்தும். அங்கே அட்ரினலைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான ஏசிடிஎச் எகிறுவதால் தோல் கறுக்கிறது, பொட்டாசியத்தை வெளியேற்றும் அட்ரினல் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோன் இல்லாததால் பொட்டாசியம் ஏறுகிறது. பிட்யூட்டரி பழுதானால் ஏசிடிஎச்சே குறைவு, எனவே தோல் கறுக்காது. ஆல்டோஸ்டிரோனை நடத்துவதோ பெரும்பாலும் சிறுநீரகம் சுரக்கும் ரெனின், எனவே பொட்டாசியமும் ஏறாது. பிரசவத்தில் பெரும் இரத்தப்போக்கு கண்டு, பால் சுரக்காமல், வெளிறிய தோலுடன் வரும், பிட்யூட்டரி பழுதான ஷீஹன் நோயாளிக்குச் சோடியம் 124 எனக் குறைவாகவும் பொட்டாசியம் 4.2 என இயல்பாகவும் வினாத்தாள் தந்தால், மதிப்பெண் அந்த 4.2-க்குக் காரணம் சொல்வதில்தான் இருக்கிறது. சோடியம் குறைவது உப்பு இழப்பால் அன்று. கார்டிசால் இன்றி, நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனான வாசோபிரெசின் அடங்காமல் நீர் தேங்குவதால்.

செயற்கை ஏசிடிஎச் கொடுத்து அட்ரினல் கார்டிசால் சுரக்கிறதா என்று பார்க்கும் சினாக்தென் சோதனை ஒருவருக்கு இயல்பாக வந்தாலும் கவனிக்க: பிட்யூட்டரி பழுதான முதல் சில வாரங்களில் அட்ரினல் இன்னும் சுருங்கியிராது என்பதால், அந்த ஒரு முடிவு நோயை விலக்கிவிடாது.