ஆக்சிஸ் 175-இலிருந்து 5-ஆக மாறினால் பயப்பட வேண்டாம்

"போன வருஷம் ஆக்சிஸ் 175, இந்த வருஷம் 5. சீட்டு தப்பு, குழந்தைக்குக் கண்ணாடி போடாதீங்க!" குழந்தைகளின் கண்ணாடிச் சீட்டு பற்றி கோத்தகிரி பெற்றோர் குழுக்களில் சுற்றும் செய்தி இது.

அப்படியில்லை. சிலிண்டர் என்பது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரேபோல் இல்லாததைச் சரிசெய்யும் பவர். ஆக்சிஸ் என்பது பவர் அல்ல, அந்தச் சிலிண்டர் பவர் நிற்கும் சாய்வுக் கோணம். 180-ஐத் தாண்டினால் மறுபடி 1-இலிருந்து எண்ணுவார்கள். அதனால் 175-க்கும் 5-க்கும் வித்தியாசம் 10 டிகிரிதான்.

சீட்டில் ஸ்பியர் -1.00, சிலிண்டர் -0.50 என்று வைப்போம். மைனஸ் ஸ்பியர் கிட்டப்பார்வைக்கானது. சிலிண்டர் சிறியது, அதனால் 10 டிகிரி மாற்றம் பெரிதாகத் தெரியாது. சிலிண்டரே -3.00 என்றால் கதை வேறு. 10 டிகிரி பிசகினால் ஏறக்குறைய 1.00 சிலிண்டர் பவர் அளவுக்கு மங்கல் மிஞ்சும். அப்போது கண்ணாடியைக் கழற்றி வைக்காமல், பழைய, புதிய சீட்டுகளோடு கண்ணைச் சோதித்தவரிடமே மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செய்தியை இனி அனுப்பாதீர்கள்.