மூவாயிரம் பேருக்கு ஒரு மிட்வைஃப்: வன்னிக்கு இந்தக் கணக்கு சரிவருமா?

குடும்பநல உத்தியோகத்தர் என்றால் எங்கள் பக்கத்தில் பலர் யோசிப்பார்கள், மிட்வைஃப் அக்கா என்றால் உடனே விளங்கும். கலியாணம் கட்டின நாளிலிருந்து பிள்ளைக்கு ஐந்து வயதாகும்வரை ஒரு குடும்பத்தை வீடு தேடிப் போய்ப் பார்ப்பவர் அவர்தான். அவரை நியமிக்க நாட்டில் நெடுங்காலமாகப் பழகிவந்த கணக்கு, சுமார் 3,000 பேருக்கு ஒருவர் என்பது. யாழ்ப்பாணத்துக்கும் அதே கணக்கு, முல்லைத்தீவுக்கும் அதே கணக்கு. கேட்டால் யாருக்கும் குறை வைக்காத பங்கீடு போலத்தான் இருக்கும். ஆனால் வன்னியில் உட்கிராமத்துத் தாய்மார் பின்தங்கி நிற்பதற்கு இந்தச் சமமான பங்கீடே ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி யாழ் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டரில் சுமார் 630 பேர். முல்லைத்தீவில் 40 பேர்கூட இல்லை. அப்படியென்றால் 3,000 பேரைப் பார்க்க யாழ்ப்பாணத்து மிட்வைஃபுக்கு ஐந்து சதுர கிலோமீட்டர் போதும், முல்லைத்தீவில் இருப்பவருக்கு 75 சதுர கிலோமீட்டருக்கு மேல். இது மாவட்டச் சராசரிதான். பெரும்பகுதி காடு, சனம் ரோட்டோரமும் குளத்தடியிலும் கூடித்தான் இருக்கிறது. ஆனால் ஒரு குளத்தடி ஊருக்கும் அடுத்த குளத்தடி ஊருக்கும் நடுவில் கிடக்கும் காட்டு ரோட்டைத்தான் அவர் ஸ்கூட்டியில் ஓடிக் கடக்க வேண்டும். கார்த்திகை மார்கழியில் பாலத்துக்கு மேலால் தண்ணி பாயும். பின்நேரம் ஆனால் யானைப் பயம். பக்கத்துப் பிரிவில் ஆள் இல்லையென்றால் அதையும் பதில் கடமையாக அவரே பார்க்க வேண்டும். பிள்ளை பிறந்து முதல் பத்து நாளுக்குள் குறைந்தது இரண்டு தரம் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஐந்து சதுர கிலோமீட்டருக்கும் 75 சதுர கிலோமீட்டருக்கும் அதே விதிதான்.

“இப்ப எல்லாரும் ஆஸ்பத்திரியிலதானே பிள்ளை பெறுகினம், பிறகென்ன பிரச்சினை?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான், இன்று நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. அதனாலேயே இந்த இடைவெளி கண்ணில் படுவதில்லை. யார் வந்தார்கள் என்று பார்த்தால் எல்லாரும் வந்திருப்பார்கள். கர்ப்பத்தின் எந்த மாதத்தில் முதல்தரம் கிளினிக்குக்கு வந்தார்கள் என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

துணுக்காய்ப் பக்கம் ஒரு உட்கிராமத்தில் நான் பேசிய பெண் ஒருவர் ஆறாம் மாதத்தில்தான் கிளினிக்கில் பதிந்தார். பதிய வேண்டியது எட்டு வாரத்துக்குள். ஏன் பிந்தியது என்று கேட்டேன். “கிளினிக் வேண்டாமெண்டு இல்லையக்கா. போனா அண்டைக்குக் கூலி இல்லை, சின்னவனைப் பார்க்க ஆளும் இல்லை. காலமை பஸ்ஸை விட்டா ஓட்டோதான், அதுக்குக் காசு எங்க?” என்றார். பதிந்த அன்று இரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே இரத்தச்சோகை என்று சொல்வார்கள். இரும்புச்சத்துக் குளிசையைத் தவறாமல் போட்டு, உடம்பும் நன்றாக ஏற்றுக்கொண்டால் இரண்டு மூன்று வாரத்தில் 1 கிராம் அளவு ஏறும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே 11ஐத் தொட இரண்டு மாதம் போய்விடும், அவருக்கு மிச்சமிருந்ததோ மூன்று மாதம். அவர் குளிசையைப் பிளேன்ரீயோடு போட்டுவந்தார். தேத்தண்ணி இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. இதைக் கிளினிக் வரிசையில் யாரும் கண்டுபிடிக்க முடியாது, வீட்டுக்குப் போய் அடுப்படியில் இருந்து கதைக்கிறவருக்குத்தான் தெரியவரும். இரண்டாம் மாதத்திலேயே ஒருவர் அந்த வீட்டுக்குப் போயிருந்தால் இதைத் திருத்த ஆறேழு மாதம் கிடைத்திருக்கும்.

சரி, இப்படியானவர்கள் ஏன் அறிக்கையில் தெரிவதில்லை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிரிவில் வருடத்துக்கு 60 கர்ப்பிணிகள் என்று வையுங்கள். 45 பேர் ரோட்டோரம், 15 பேர் உள்ளுக்கு. ரோட்டோரத்தில் 43 பேரும் உள்ளுக்கு 5 பேரும் நேரத்துக்குப் பதிந்தால் மொத்தம் 48. அறிக்கையில் 80 வீதம் என்று வரும். உட்கிராமத்தை மட்டும் தனியே எடுத்தால் மூன்றில் ஒருவர்தான். அடுத்த வருட இலக்கு 85 வீதம் என்று மேலிருந்து வருகிறது. அதற்கு 51 பேர் போதும். ரோட்டோரத்தில் விடுபட்ட இரண்டு பேரையும் உள்ளுக்கு ஒரே ஒருவரையும் சேர்த்தால் இலக்கு முடிந்தது. உள்ளுக்கு இன்னும் ஒன்பது பேர் நேரத்துக்குப் பதியாமலே இருப்பார்கள், அறிக்கையோ முன்னேற்றம் என்று சொல்லும். மிட்வைஃப் அக்காவைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. இலக்கை அப்படி வைத்தால் நேரமும் பெற்றோலும் கிட்ட இருப்பவர்களிடம்தான் போகும்.

ஜூலியன் ரியூடர் ஹார்ட் என்ற வேல்ஸ் நாட்டு வைத்தியர் 1971இல் எழுதியது இதைத்தான்: நல்ல வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது. அவர் பார்த்தது சுரங்கத் தொழிலாளர்களின் ஊரை. அந்த வாக்கியம் எங்கள் உட்கிராமங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

யாரைத் தேடிப் போவது என்பதில்தான் சண்டை வரும். அரசின் அஸ்வெசும உதவிப்பணப் பட்டியலில் இருக்கும் குடும்பங்களுக்கு மட்டும் கூடுதல் கவனிப்புக் கொடுக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பட்டியலில் ஏற விண்ணப்பம், ஆவணம், மேன்முறையீடு என்று அலைய வேண்டும், கிளினிக்குக்கே வர முடியாதவர் அதற்கும் வரமாட்டார். கலியாணம் முடித்து வேறு ஊரிலிருந்து வந்த பிள்ளையின் பெயர் அந்த வீட்டுப் பட்டியலில் இல்லாமலே இருக்கலாம். அதைவிட ஊரையே அலகாக எடுப்பது நல்லது. கிளினிக்கிலிருந்து இவ்வளவு தூரத்துக்கு அப்பால், பஸ் ஒழுங்காக இல்லாத ஊர் என்றால் அங்குள்ள கர்ப்பிணிகள் எல்லாருக்கும் கூடுதல் வீட்டுத் தரிசிப்பு. அந்த ஊரில் வசதியான கடைக்காரர் வீட்டுக்கும் அது கிடைக்கும்தான். கிடைக்கட்டும். ஒரு வீட்டைக் கூடுதலாகப் பார்ப்பதால் வரும் நட்டம் சின்னது, ஒரு வீட்டை விட்டுவிடுவதால் வரும் நட்டம் பெரியது.

ஆனால் ஊரை வைத்து மட்டும் தேடினால் வேறு சிலர் தவறிப்போவார்கள். சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஷெல்லில் காலை இழந்த கணவரோடு கூலிக்குப் போகும் பெண் இருப்பார். மலையகத்திலிருந்து கலவர காலங்களில் வந்து குடியேறி இன்னமும் காணிக்கு உறுதி இல்லாத குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களைத் தூரம் காட்டாது. மிட்வைஃப் அக்காவுக்குத் தெரியும். தன் பிரிவில் பார்க்க வேண்டிய குடும்பங்களை எழுதிவைக்கும் தகுதியுடைய குடும்பப் பதிவேடு அவர் கையில்தான் இருக்கிறது. தன் மதிப்பீட்டில் வீடுகளைச் சேர்க்க அவருக்கு அதிகாரம் கொடுத்தால் போதும்.

ஒருவரிடமிருந்தும் எதையும் பறிக்கச் சொல்லவில்லை. ரோட்டோரத்துத் தாய்க்குக் கிடைப்பது அப்படியே கிடைக்கட்டும். மிட்வைஃப் பிரிவுகளை வகுக்கும்போது தலைக்கணக்கோடு பரப்பையும் பயண நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள், வன்னியில் 3,000க்குப் பதில் 1,500 பேருக்கு ஒருவர் தேவைப்படும் இடங்கள் இருக்கும். பயணப்படியை ஓடும் தூரத்துக்கு ஏற்பக் கொடுங்கள். நடமாடும் கிளினிக் வைத்தால் அறுவடைக் காலத்தில் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள், சனம் அப்போது வயலில் நிற்கும். மாதாந்தக் கூட்டத்தில் பிரிவு முழுவதற்கும் ஒரே வீதத்தைக் காட்டாமல், ஊர் ஊராக, முதல் பதிவு எத்தனையாவது வாரத்தில் நடந்தது என்று காட்டச் சொல்லுங்கள். அதற்குப் புதிதாக ஒரு படிவமும் வேண்டாம். பதிந்த திகதியும் ஊரின் பெயரும் பதிவேட்டிலேயே இருக்கின்றன.