முதலில் கோட்டை, அப்புறம்தான் கோயில்

வழிகாட்டி கூட்டிப்போகும் 'ஒரே நாளில் பழைய சென்னை' பயணத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். போய் வந்தவர்கள் தங்கள் பதிவில் "சென்னையில் பார்க்க ஒன்றுமே இல்லை" என்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அவர்கள் போனது வெள்ளிக்கிழமை. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம், எழும்பூர் அருங்காட்சியகம் இரண்டுக்கும் அன்றுதான் வார விடுமுறை. ஜார்ஜ் டவுன் கோயில்களுக்கு மதியம் ஒரு மணிக்குப் போயிருக்கிறார்கள். நடை சாத்தியிருந்தது. கூட்டிப்போன வழிகாட்டிக்கு இதுகூடத் தெரியாதா?

"எந்த வரிசையில் பார்த்தால் என்ன?" என்று அந்தப் பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். இந்த ஊரில் வரிசைதான் கதையே. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749இல் ஆங்கிலேயரிடம் அது திரும்பி வந்தது. மறுபடி எதிரி வந்தால் மறைந்து நிற்க இடம் இருக்கக் கூடாது, பீரங்கிக்கு எதிரே வெட்டவெளி வேண்டும் என்று, கோட்டைச் சுவரை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரமே தரைமட்டமானது. அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலையும் 1757இல் இடித்தார்கள். அந்த நிலத்தில்தான் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது. கோயில் பிற்பாடு தேவராஜ முதலி தெருவில் எழுந்தது. கோட்டையைப் பார்க்காமல் நேரே அந்தத் தெருவுக்குப் போனால், நெரிசலுக்கு நடுவே இன்னொரு கோயில், அவ்வளவுதான் தெரியும்.

என் சித்தப்பா பாரிமுனையில்தான் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அங்கே டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி ஒரு கல்தூண் இருக்கிறது. அந்த வெட்டவெளியின் எல்லை இதுதான் என்று 1773இல் நட்டது. தினமும் அதைத் தாண்டிப் போனவர் அவர். நான் கோட்டையிலிருந்து நடத்திக் கூட்டி வந்து காட்டியபோதுதான், "இத்தனை வருஷம் யாருமே சொல்லலியேப்பா" என்றார். அப்படி வருத்தப்பட வைக்கிற ஊரையா ஒன்றுமில்லை என்கிறீர்கள்?

என் யோசனை இது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோட்டை. தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் அடையாள அட்டை அவசியம். அருங்காட்சியகம், 1680இல் திறந்த புனித மேரி ஆலயம் இரண்டையும் முடித்து, பத்தேமுக்காலுக்குக் கிளம்பி உயர் நீதிமன்றம் வழியாக நடந்தால் நடை சாத்துமுன் கோயிலுக்குள் இருக்கலாம். வெயில் ஏறியதும் எழும்பூர். அங்கே வெண்கலச் சிலைகளுக்கே இரண்டு மணி நேரம் வேண்டும்.

"வயசானவர்கள் நடக்க முடியுமா?" நியாயமான கேள்வி. ஆட்டோ பிடியுங்கள், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். "வெள்ளிக்கிழமைதான் லீவு" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, வேறு நாள் பாருங்கள்.

வழிகாட்டியிடம் முன்பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பழைய கறுப்பர் நகரம் எங்கே போச்சு?" கோட்டை ஆலயத்தில் நடந்த ராபர்ட் கிளைவ் கல்யாணக் கதைக்குத் தாவினால் வேறு ஆளைப் பாருங்கள். அந்தப் பதிவை எழுதியவர்கள் இன்னொரு முறை, இந்த வரிசையில் போய்விட்டு எழுதட்டும். அதுவரை அந்த ஒரு வரியையாவது எடுத்துவிடுங்கள்.