மேனேஜரிடம் சொல்லலாமா?

மனச்சோர்வுக்கோ பதற்ற நோய்க்கோ சிகிச்சை எடுப்பவர்கள் "இதை மேனேஜரிடம் சொல்லிவிடவா?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சொல்லி அவரிடமிருந்து என்ன கேட்கப் போகிறீர்கள்? அதற்குப் பதில் இல்லையென்றால் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. ஒருமுறை சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது.

என் தோழி ஒருத்திக்கு மனச்சோர்வு. மருத்துவர் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்து எழுதிக் கொடுத்தார். இந்த மருந்துகளில் ஒரு சிக்கல் உண்டு. நல்ல பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். ஆனால் குமட்டல், தூக்கக் கோளாறு, சிலருக்குக் கூடுதல் படபடப்பு எல்லாம் முதல் சில நாட்களிலேயே வந்துவிடும். அவளுக்குக் காலை நேரம்தான் மோசம். ஒன்பது மணி மீட்டிங்கில் உட்காரவே முடியவில்லை. குற்ற உணர்ச்சி தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட நினைத்தாள்.

இங்கேதான் கவனம் வேண்டும். மனச்சோர்வு 'நான் எல்லாருக்கும் பாரம்' என்று நம்பவைத்து அளவுக்கு மீறிப் பேசவைக்கும். பதற்றம் 'சொன்னால் வேலை போய்விடும்' என்று வாயைக் கட்டிப்போடும். இரண்டையுமே முடிவெடுக்க விடக் கூடாது. கொஞ்சம் தெளிவாக இருக்கும் நாளில், மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

கடைசியில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு உடல்நலப் பிரச்சினைக்குச் சிகிச்சை தொடங்கியிருக்கிறேன். மருந்து ஒத்துவரும் வரை காலையில் சிரமமாக இருக்கும். ஆறு வாரத்துக்குப் பத்தரை மணிக்கு வரட்டுமா? மாத இறுதி அறிக்கை வழக்கமான தேதியில் வந்துவிடும். ஆறு வாரம் கழித்துத் திரும்பப் பேசலாம்." என்ன நோய் என்று மேனேஜர் கேட்டார். "அதை மருத்துவரோடு வைத்துக்கொள்கிறேன், வேலைக்குத் தேவையானதை உங்களிடம் சொல்லிவிட்டேன்" என்றாள். அன்றே, பேசியதைச் சுருக்கி ஒரு மின்னஞ்சலும் அனுப்பினாள். அந்த மின்னஞ்சல் ரொம்ப முக்கியம். மேனேஜர் மாறினால் வாய்ப்பேச்சு அவரோடு போய்விடும்.

சரி, நோயின் பெயரையே சொல்ல வேண்டிய நிலை வராதா? வரும். வேலையில் சரிவு ஏற்பட்டு, அது மதிப்பீட்டில் பதிவாகத் தொடங்கிவிட்டால் மறைப்பது நமக்கே கெடுதல். காரணம் தெரியாத மேனேஜர் அதை அலட்சியம் என்றுதான் எழுதுவார். சட்டப் பாதுகாப்பும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததுதான். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஊழியரின் நிலைமை நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடிந்தால்தான், பணியில் மாற்றம் செய்துதரும் கடமை அதற்கு வருகிறது. எச்சரிக்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகு சொன்னால் சாக்குப்போக்காகத் தோன்றும்.

அப்போதும் மேனேஜர்தான் முதல் ஆள் என்றில்லை. குழுவில் யாராவது மனநலக் காரணத்தால் விடுப்பு எடுத்தபோது, அவருடைய முதுகுக்குப் பின்னால் மேனேஜர் என்ன பேசினார் என்று நினைத்துப் பாருங்கள். கிண்டலடித்தவர் என்றால் ஹெச்.ஆரிடம் நேராகப் போங்கள், மேனேஜருக்கு எவ்வளவு தெரியலாம் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சான்றிதழ் கேட்டால், நோயின் பெயர் இல்லாமல் என்ன மாற்றம் தேவை, எத்தனை வாரத்துக்கு என்று மட்டும் எழுதித் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல இடங்களில் அதுவே போதும்.