வளையம் இருந்தால் திருடன் தப்புவானா?

முனைகளைக் கோடுகளால் இணைத்த ஒரு வரைபடத்தில் போலீஸும் திருடனும் மாறி மாறிக் கோட்டு வழியே ஓர் எட்டு நகர்கிறார்கள்; திருடன் நிற்கும் முனைக்கே போலீஸ் வந்துவிட்டால் போலீஸுக்கு வெற்றி. இந்த ஆட்டத்தைப் பற்றி ஒருவர் சொன்னது:

“வளையம் ஒன்று இருந்தாலே திருடன் தப்பிவிடுவான். வளையமே இல்லாத வரைபடமான மரத்தில் மட்டும்தான் ஒரே போலீஸ் ஜெயிக்க முடியும்.”

இல்லை. க-ச-த-ப என்ற சதுரத்தில் திருடன் எப்போதும் எதிர்மூலைக்கு நகர்ந்தே தப்பிப்பான், அது உண்மை. ஆனால் க-த கோட்டைச் சேர்த்துப் பாருங்கள். க-வில் நிற்கும் போலீஸுக்கு மற்ற மூன்றுமே ஓர் எட்டுதான். வளையம் அப்படியே இருக்கிறது, திருடனோ மாட்டிக்கொள்கிறான்.

ஒரு முனையும் அதன் அண்டை முனைகளும் முழுக்க வேறொரு முனையிலிருந்து ஓர் எட்டுத் தூரத்துக்குள் இருந்தால் அந்த முனையை நீக்குங்கள். இப்படியே நீக்கிக்கொண்டுபோய் ஒரே முனை மிஞ்சினால் போலீஸுக்கு வெற்றி. வழியில் நின்றுவிட்டால் திருடனுக்கு. முடிவுள்ள வரைபடங்களுக்கு இதை 1983-இல் கணிதவியலர்களான நோவகோவ்ஸ்கியும் விங்க்லரும் நிறுவினார்கள்.

வரைபடத்தை முக்கோணங்களால் நிரப்பினால் போதும், போலீஸ் ஜெயித்துவிடும் என்று சிலர் சொல்வது பாதிதான் சரி. எண்முகியின் 6 முனைகளில் எங்கு பார்த்தாலும் முக்கோணம்தான், ஆனாலும் நீக்க ஒரு முனைகூடக் கிடைக்காது.